மர ஜன்னலா, யுபிவிசி ஜன்னலா? கடலோர வீட்டில் முதலில் கேட்க வேண்டியது இரும்பைப் பற்றி

வீடு கட்டும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வருகிறது. நிலைக்கதவு தேக்கு என்று முடிவாகிவிடும், அதில் யாரும் சமரசம் செய்துகொள்வதில்லை. ஜன்னலில்தான் குழப்பம். 'மரம்தான் நிக்கும், பிளாஸ்டிக் எல்லாம் வெயிலில் நொறுங்கிடும்' என்பார் மாமனார். 'மரம் மழைக்கு உப்பிடும் சார், கரையான் வேற, யுபிவிசி போட்டா வாழ்நாள் முழுக்கக் கவலையில்லை' என்பார் ஷோரூம்காரர். ஊர் நாகப்பட்டினமோ கடலூரோ தூத்துக்குடியோ என்றால் இரண்டு பக்கமும் குரல் இன்னும் உயரும்.

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் கடற்கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டில் ஜன்னல் வீணாவது பெரும்பாலும் மரத்தாலும் இல்லை, பிளாஸ்டிக்காலும் இல்லை. இரண்டுக்கும் உள்ளே இருக்கும் உலோகத்தால்தான். கீல், திருகு, தாழ்ப்பாள், கம்பி, யுபிவிசி சட்டத்துக்குள் செருகியிருக்கும் இரும்புப் பட்டை. இவற்றை யாரும் ஷோரூமில் காட்டுவதில்லை, கொட்டேஷனிலும் எழுதுவதில்லை. நிறம், கண்ணாடி, டிசைன் என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு, திருகு என்ன உலோகம் என்று கேட்காமலேயே முன்பணம் கட்டிவிடுகிறோம்.

உப்பு ஜாடி சொல்லும் பாடம்

ஐப்பசி மழையில் சமையலறை உப்பு ஜாடியைக் கவனித்திருப்பீர்கள். மூடி வைத்திருந்தாலும் கசிந்து, ஓரத்தில் தண்ணீர் நிற்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே ஈரமாகிவிடும். சுத்திகரித்த தூள் உப்பைவிட கல் உப்பு அதிகம் கசிவது இதனால்தான்.

இப்போது அதே உப்பு உங்கள் ஜன்னல் கீலின் மேல் மெல்லிய படலமாகப் படிந்திருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அலை உடையும்போது எழும் நுண்துளிகளைக் கடல்காற்று ஊருக்குள் கொண்டுவருகிறது. மழையே பெய்யாத நாளிலும் அந்தக் கீல் உப்புநீரில் நனைந்தபடியே இருக்கும். துரு பிடிக்க இரும்புக்கு வேண்டிய நீர், காற்று, உப்பு மூன்றும் இருபத்துநாலு மணி நேரமும் அங்கேயே கிடைக்கின்றன.

இதில் ஒரு முரண் உண்டு. மழையில் நேரடியாக நனையும் உலோகத்தைவிட, சன்ஷேடுக்கு அடியில் 'பாதுகாப்பாக' இருக்கும் உலோகம் சில நேரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். நனைவதை மழைநீர் கழுவிவிடுகிறது. நனையாத இடத்தில் உப்பு சேர்ந்துகொண்டே போகிறது. ஆகவே கடலோர வீட்டில் ஜன்னலுக்கு நீங்கள் செய்யக்கூடிய மலிவான பராமரிப்பு, மாதம் ஒருமுறை கீலையும் தாழ்ப்பாளையும் நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைப்பது. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் அது உதவாது. குடிநீரில் ஒரு குவளை எடுத்துக்கொள்ளுங்கள்.

மரம் உப்புவது எவ்வளவு?

'மரம் உப்பிடும்' என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது. ரேகைக்குக் குறுக்கேதான் விரியும், சுருங்கும். நாலடிக்கு நாலடி ஜன்னல், இரண்டு கதவு என்று எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கதவிலும் செங்குத்துச் சட்டம் இரண்டு, ஒவ்வொன்றும் மூன்று அங்குல அகலம், அதாவது 75 மில்லிமீட்டர். நடுவில் கண்ணாடி, அது விரியாது. ஆக, அகலவாக்கில் விரியக்கூடிய மரம் மொத்தம் 300 மில்லிமீட்டர்தான்.

தேக்கில் ஈரம் ஒரு சதவீதம் கூடினால் குறுக்களவு சுமார் 0.2 சதவீதம் வரை கூடும். நாகை போன்ற ஊரில் மேல்காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் மரத்தின் ஈரம் 12 சதவீதம் அளவில் இருந்தால், அடைமழைக் காலத்தில் 16 சதவீதத்துக்கு ஏறலாம். நான்கு சதவீத மாற்றம். 300 மில்லிமீட்டரில் அது சுமார் 2.4 மில்லிமீட்டர். ஆடியில் ஆசாரி கச்சிதமாக இழைத்துப் பொருத்திய ஜன்னல் ஐப்பசியில் திறக்க வராமல் இறுகுவதற்கு இந்த அளவே போதும். அனுபவமுள்ள ஆசாரி கோடையில் பொருத்தும்போது கொஞ்சம் இடைவெளி விட்டே வைப்பார். 'என்னங்க லூஸா இருக்கு' என்று அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

இது சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை பச்சை மரம். அறுவை மில்லிலிருந்து வந்த, சரியாகக் காயாத மரத்தில் ஈரம் 25 சதவீதம் இருந்தாலும் ஆச்சரியமில்லை. அது வீட்டில் 15 சதவீதத்துக்கு இறங்கும்போது அதே ஜன்னலில் 6 மில்லிமீட்டர் சுருங்கும். மூட்டுகள் வாய் பிளக்கும், கண்ணாடி ஆடும், அந்த இடுக்கில் மழைநீர் இறங்கும். 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் தொடர்ந்து நின்றால் மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

ஆகவே மரம் என்று முடிவு செய்தால் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, மரத்தின் ஈரம் எவ்வளவு? இதை அளக்க இரண்டு ஊசி உள்ள சிறு கருவி இருக்கிறது, ஆன்லைனிலேயே கிடைக்கிறது. பலகையை அறுத்து, உட்பக்கத்தில் குத்திப் பார்க்க வேண்டும். மேல்தோல் எப்போதும் காய்ந்ததாகவே காட்டும். இரண்டு, மரத்தில் எவ்வளவு வெள்ளை? தேக்கு உளுக்காது, கரையான் தொடாது என்பதெல்லாம் வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்கு மட்டுமே. ஓரத்து வெள்ளைப் பகுதி எந்த மரத்திலும் பலவீனம்தான், தேக்கிலும்கூட. இளம் மரத்தில் வெள்ளை அதிகம். பாலீஷ் அடித்த பிறகு இது கண்ணுக்குத் தெரியாது என்பதால், வேலை தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

மர ஜன்னல் உளுக்கத் தொடங்கும் இடமும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: கதவின் அடி விளிம்பு. மரத்தின் நுனி வெட்டு அங்கேதான் இருக்கிறது. அந்த வெட்டுமுகம் ஸ்ட்ரா மாதிரி நீரை மேலே இழுக்கும். ஆனால் கதவை மாட்டிய பிறகு பெயின்ட் அடிப்பவரின் பிரஷ் போகாத ஒரே இடமும் அதுதான். மாட்டும் முன்பே அடிவிளிம்புக்கு இரண்டு கோட் அடிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது கம்பி. நம் ஊர் ஜன்னலில் இரும்புக் கம்பிகளை அடிச்சட்டத்தில் துளை போட்டு இறக்குவது வழக்கம். அந்தத் துளை ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கிண்ணம். மழைநீர் தேங்கும், கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் வந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், ஆகவே சட்டத்தை உள்ளிருந்தே பிளக்கும். பழைய வீடுகளில் கம்பி இறங்கும் இடத்தில் செங்குத்தான விரிசலும் கறுப்புக் கறையும் தெரிந்தால் காரணம் இதுதான். கடலோரத்தில் மரச் சட்டத்துக்குள் இரும்புக் கம்பியை இறக்காமல், கிரில்லைத் தனியாகச் செய்து உட்பக்கம் சுவரில் பொருத்துவதே சரி.

யுபிவிசிக்கும் உடம்பு உண்டு

பிளாஸ்டிக் ஈரத்துக்கு விரியாது. உண்மை. ஆனால் சூட்டுக்கு விரியும், மரத்தைவிட அதிகமாக, நீளவாக்கில். ஒரு மீட்டர் யுபிவிசி ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர் நீளும். அதே நாலடிச் சட்டம் விடியற்காலையில் 24 டிகிரியில் இருந்து, மேற்கு வெயிலில் 50 டிகிரிக்குப் போனால் சுமார் 2.2 மில்லிமீட்டர் நீளும். மரம் ஒரு பருவத்துக்கு நகர்வதை இது ஒரே பகலில் நகர்கிறது, மறுநாளும் அதே.

இதனால் வரும் தவறு நம் கொத்தனார் வேலையில் சர்வசாதாரணம். மர நிலையைப் போலவே யுபிவிசி சட்டத்தையும் சுவரோடு சிமென்ட் வைத்துப் பூசி இறுக்கிவிடுகிறார்கள். நகர இடமில்லாத சட்டம் நடுவில் வளையும், பூச்சில் முடிவெட்டு போல விரிசல் வரும், முதல் மழையிலேயே அந்த விரிசல் வழியாக நீர் உள்ளே வரும். 'ஜன்னல் ஒழுகுது' என்று கம்பெனிக்கு போன் போட்டால், அவர் கொத்தனாரைக் கைகாட்டுவார். சரியான முறை, சுற்றிலும் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதை ஃபோமாலும் வெளிப்பக்கம் சிலிக்கானாலும் அடைப்பது. சிலிக்கானிலும் ஒரு விஷயம்: வினிகர் வாடை அடிக்கும் வகை விலை குறைவு. ஆனால் சிமென்ட்டில் அது சரியாக ஒட்டாது, பக்கத்தில் உள்ள துத்தநாகப் பூச்சையும் அரிக்கும். 'நியூட்ரல்' என்று டியூபில் எழுதியிருப்பதையே வாங்கச் சொல்லுங்கள்.

மர நிறத்தில் படலம் ஒட்டிய யுபிவிசி அழகாக இருக்கும், மாமனாரையும் சமாதானப்படுத்தும். ஆனால் அடர்நிறம் வெயிலில் வெள்ளையைவிட அதிகம் சூடாகும், அதிகம் நகரும். மேற்குச் சுவரில் அதைத் தவிர்ப்பது நல்லது.

இனி உள்ளே இருக்கும் இரும்பு. யுபிவிசி தனியாக அவ்வளவு விறைப்பானது இல்லை. சட்டத்தின் உள்ளறையில் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையைச் செருகித்தான் அதை நிமிர்ந்து நிற்கவைக்கிறார்கள். கீலின் திருகுகள் பிடித்துக்கொள்வதும் இந்தப் பட்டையைத்தான். பட்டையை வெட்டும் முனையில் துத்தநாகம் போய்விடும், வெறும் இரும்பு தெரியும். வடிகால் துளையையோ திருகு ஓட்டையையோ கவனமில்லாமல் போட்டு, உப்புநீர் அந்த அறைக்குள் போனால் துரு வெளியே தெரியாமல் வேலை செய்யும். வெளிச்சட்டம் பளிச்சென்று வெள்ளையாகவே இருக்கும். ஒரு நாள் கதவு பூட்டுப் பக்கம் தொங்கும், கைப்பிடி இறுகும். கூர்ந்து பார்த்தால் திருகுத் தலைக்கு அடியிலிருந்தோ வடிகால் துளையிலிருந்தோ பழுப்புக் கோடு ஒன்று ஒழுகியிருக்கும். அந்தக் கோடுதான் முதல் எச்சரிக்கை. துடைத்துவிட்டுப் போகாதீர்கள், கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

செலவைக் குறைக்க இந்தப் பட்டையைக் குட்டையாக வெட்டுவதும், சின்ன ஜன்னலில் போடாமலே விடுவதும் நடக்கிறது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைச் சட்டத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். பட்டை இருக்கும் வரை இழுக்கும், இல்லாத இடத்தில் வழுக்கும்.

ஆனால் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' திருகு, கீல் விஷயத்தில் காந்தத்தை முழுதாக நம்ப முடியாது. காந்தம் பலமாக ஒட்டினால், அது மேல்பூச்சு போட்ட சாதா இரும்பாகவோ மட்டமான ரகமாகவோ இருக்கலாம் என்று சந்தேகப்படலாம். ஒட்டாவிட்டால் நல்லது என்று அர்த்தம் இல்லை. 202, 304, 316 மூன்றுமே பெரும்பாலும் ஒட்டாது. சமையலறைப் பாத்திரங்களில் புழங்கும் 304 உள்ளூர்களில் நன்றாகவே நிற்கும், கடலோரத்தில் தேநீர் சிந்தியது போலக் கறை பிடிக்கும். 316 ரகத்தில் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்கிறது. உப்பை எதிர்த்து நிற்பது அதனால்தான். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆகவே கொட்டேஷனில் எண்ணோடு எழுதி வாங்குவதே வழி. 'கீல், ஃப்ரிக்‌ஷன் ஸ்டே, வெளியே தெரியும் திருகுகள்: 316' என்று ஒரு வரி. எழுத மறுப்பவரிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது குறைவு இல்லை. வாரண்டி அட்டையையும் இதே கண்ணோடு படியுங்கள். சட்டத்துக்கு ஒரு காலம், ஹார்டுவேருக்கு அதைவிடக் குறைந்த இன்னொரு காலம் என்று பிரித்திருப்பார்கள். எது முதலில் போகும் என்று விற்பவருக்கும் தெரியும்.

ஸ்லைடிங் ஜன்னலும் புயல் மழையும்

யுபிவிசி என்றாலே நம் ஊரில் பலரும் நகர்த்தும் ஸ்லைடிங் வகையைப் போடுகிறார்கள். இடம் மிச்சம், கொசுவலை சுலபம். கடலைப் பார்த்த சுவரில் மட்டும் இது சரியில்லை. காரணம் மழைநீரை உள்ளே தள்ளும் காற்றழுத்தம். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று சுவரில் மோதும்போது தரும் அழுத்தம், நீரைச் சுமார் 47 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தப் போதுமானது. ஸ்லைடிங் ஜன்னலின் அடித்தடத்தில் சேரும் மழைநீரை, உட்பக்க விளிம்பு அவ்வளவு உயரம் இல்லையென்றால் காற்றே உள்ளே தள்ளிவிடும். வடிகால் துளைகள் வழியாக நீர் வெளியேறுவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே குமிழியிட்டு வருவதையும் பார்க்கலாம். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலில் காற்று அந்த 100 கிலோமீட்டரைத் தாண்டியது. டெல்டா கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது கற்பனைக் கணக்கு இல்லை.

வெளிப்பக்கம் திறக்கும் கேஸ்மென்ட் வகையில், கதவு சுற்றிலும் ரப்பரில் அழுந்தி மூடுகிறது. நகர்த்தும் தடத்தின் இடைவெளிகள் இங்கே இல்லை. ஒரே புள்ளியில் அல்லாமல் மேலும் கீழும் பூட்டும் வகையாகக் கேளுங்கள். உட்பக்கக் கிரில்லுக்கும் இது இடைஞ்சல் இல்லை. கைப்பிடிக்கு மட்டும் கிரில்லில் கை நுழையும் இடம் விடச் சொல்ல வேண்டும். இது சிரிப்பான விஷயம் இல்லை, கிரில் போட்ட பிறகு ஜன்னலைத் திறக்க முடியாத வீடுகள் உண்டு.

அப்போ என் வீட்டுக்கு எது?

நாகையில் கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் புதிதாக ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே கடல், வடகிழக்குப் பருவமழை அடிப்பதும் அந்தப் பக்கமே. கிழக்கு, வடக்குச் சுவர்களில் வெள்ளை யுபிவிசி கேஸ்மென்ட், 316 ஹார்டுவேர், முழு நீளப் பட்டை. குளியலறைக்கும் சமையலறைக்கும் யோசிக்கவே வேண்டாம், யுபிவிசிதான். மேற்கிலும் அதுவே, ஆனால் மேலே நல்ல அகலமான சன்ஷேடு. தெற்கிலோ வாசலிலோ திண்ணைக் கூரைக்கு உள்ளே, மழையும் வெயிலும் நேராகப் படாத ஜன்னல் இருந்தால் அங்கே மரம் தாராளமாகப் போடலாம். கீலும் தாழ்ப்பாளும் திருகும் பித்தளையில். பித்தளைக் கீலை இரும்புத் திருகால் மாட்டினால் அந்தத் திருகு இன்னும் வேகமாகப் போகும்.

கையில் பணம் குறைவு என்றால்? நல்ல தேக்கு பெரும்பாலும் யுபிவிசியைவிட விலை அதிகம். ஆகவே பலர் 'நாட்டு மரம்' என்று இறங்கி வருகிறார்கள். காயாத, வெள்ளை அதிகமுள்ள மலிவு மரம்தான் கடலோரத்தில் இருக்கும் தேர்வுகளிலேயே மோசமானது. அந்தப் பணத்துக்குச் சாதாரண வெள்ளை யுபிவிசியே மேல். மிச்சம் பிடிப்பதாக இருந்தால் நிறத்திலும் கண்ணாடி அலங்காரத்திலும் பிடியுங்கள், கீலில் வேண்டாம்.

பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்களுக்குக் கணக்கே வேறு. தாத்தா காலத்துத் தேக்கு ஜன்னலைக் கழற்றிப் பழைய மரக் கடைக்குக் கொடுத்துவிட்டு யுபிவிசி போடுவது இப்போது பரவலாக நடக்கிறது. கொடுக்கும் முன் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அடிச்சட்டத்தையும் கம்பி இறங்கும் இடங்களையும் குத்திப் பாருங்கள். முனை மட்டும் பதிந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. விரல்கணு அளவு புகுந்தால் அந்த இடம் மட்டும் போயிருக்கிறது, அதை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுப்போட நல்ல ஆசாரியால் முடியும். ஐம்பது வருடமாக இந்தக் காற்றிலேயே காய்ந்து, நனைந்து, பழகிய வைர மரம் அது. அதற்குச் சமமான மரத்தை இன்று புதிதாக வாங்குவது சுலபமில்லை. துருப்பிடித்த கம்பியையும் கீலையும் மாற்றி, அடிவிளிம்புக்குப் பெயின்ட் அடித்தால், பெரும்பாலான ஜன்னல்களுக்குத் தேவைப்படும் வைத்தியம் அவ்வளவுதான். ஆசாரி வேலை தொடங்கும் முன் அதே ஸ்பீக்கர் காந்தத்தை மரத்தின் மேலும் ஓட்டச் சொல்லுங்கள். உள்ளே ஒடிந்து நிற்கும் பழைய ஆணி அவருடைய இழைப்புளியைப் பதம் பார்த்துவிடும்.